e^(rx) போட்டுப் பார்ப்பது எப்படி: மாறிலிக் கெழுக்கள் கொண்ட வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வகைக்கெழு காணத் தெரியும், இருபடிச் சமன்பாடு தீர்க்கத் தெரியும் என்றால் இந்தக் கட்டுரையைப் படிக்கலாம். பெரும்பகுதிக்கு ஒரே ஒரு சமன்பாட்டைத்தான் கையில் வைத்துக்கொள்ளப் போகிறோம்.

```
y″ + b y′ + 4y = 0
```

இது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். 1 கிலோ நிறையுள்ள ஒரு பொருளைச் சுருள்வில் ஒன்றில் மாட்டியிருக்கிறோம். வில்லின் மாறிலி மீட்டருக்கு 4 நியூட்டன். பொருள் ஓய்வுநிலையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது y. நேரம் x, நொடிக் கணக்கில். வில் பொருளைத் திரும்ப இழுக்கிற விசை −4y. பொருள் எண்ணெய்க்குள் நகர்வதால் வேகத்துக்கு ஏற்ற ஒரு தடையும் இருக்கிறது, அது −b y′. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி y″ = −4y − b y′. எல்லாவற்றையும் இடப்பக்கம் கொண்டுவந்தால் மேலே உள்ள சமன்பாடு.

பொருளை 1 மீட்டர் இழுத்துப் பிடித்து, தள்ளாமல் அப்படியே விடுகிறோம். அதாவது y(0) = 1, y′(0) = 0. இந்தத் தொடக்க நிலையை மாற்றாமல், எண்ணெயை மட்டும் மாற்றி b = 5, b = 4, b = 2 என்று மூன்று முறை தீர்ப்போம். பாடநூல்களில் மூன்று தனித்தனி வகைகளாகவும் மூன்று தனித்தனிச் சூத்திரங்களாகவும் இருப்பவை இந்த மூன்றுதான். அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரே ஒரு வரியிலிருந்து மூன்றுமே வந்துவிடும்.

அந்த ஒரு வரி

y′ = 3y என்ற சமன்பாட்டின் தீர்வு e^(3x) என்பது தெரிந்ததுதான். வகைக்கெழு எடுத்தால் அதே சார்பு 3 மடங்காகத் திரும்பி வருகிறது. நம் சமன்பாட்டுக்குத் தேவையானதும் இதே குணம்தான். y, y′, y″ மூன்றையும் ஏதோ ஓர் அளவில் கூட்டினால் எல்லா x-க்கும் பூச்சியம் வர வேண்டும். மூன்றும் மூன்று விதமான சார்புகளாக இருந்தால் ஒன்றை ஒன்று அடிப்பது கடினம். மூன்றும் ஒரே சார்பின் மடங்குகளாக இருந்தால், வெறும் எண்களைக் கூட்டிப் பூச்சியம் ஆக்கினால் போதும். எத்தனை முறை வகையிட்டாலும் தன் மடங்காகவே இருக்கிற சார்பு e^(rx).

எனவே r என்ன என்று தெரியாமலேயே y = e^(rx) என்று போட்டுப் பார்க்கிறோம். y′ = r e^(rx), y″ = r² e^(rx). இடப்பக்கத்தில் இவற்றை வைத்தால்:

```
y″ + b y′ + 4y = (r² + b r + 4) e^(rx)
```

இதுதான் அந்த ஒரு வரி. அடைப்புக்குறிக்குள் இருக்கும் பல்லுறுப்புக்கோவையை p(r) என்று அழைப்போம். e^(rx) எப்போதும் பூச்சியம் ஆகாது. ஆகவே வலப்பக்கம் பூச்சியம் ஆக வேண்டுமானால் p(r) = 0 ஆக வேண்டும். இதற்குப் பெயர் சிறப்பியல்புச் சமன்பாடு; துணைச் சமன்பாடு என்றும் சொல்வார்கள். வகைக்கெழுச் சமன்பாடு காணாமல் போய், பள்ளியில் பார்த்த இருபடிச் சமன்பாடு மட்டும் மிச்சம் நிற்கிறது. லியோன்ஹார்ட் ஆய்லர் இந்த வழியை 1739-ல் யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். 1743-ல் அச்சில் வெளியிட்டார்.

வகைக்கெழுச் சமன்பாட்டைப் பார்த்தவுடன் p(r)-ஐ எழுதிவிடலாம்: y″ இருந்த இடத்தில் r², y′ இருந்த இடத்தில் r, y இருந்த இடத்தில் 1. புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கடைசி "1"-ல்தான். y″ + 4y = 0 என்று கொடுத்தால் r² + 4r = 0 என்று எழுதிவிடுகிறார்கள். சரியானது r² + 4 = 0. r² + 4r = 0 என்பது y″ + 4y′ = 0 என்ற வேறொரு சமன்பாட்டுக்குரியது. அந்த வேறொரு சமன்பாட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் மூலங்கள் 0, −4. r = 0 என்பதை "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடக் கூடாது. e^(0·x) = 1, எனவே மாறிலிச் சார்பும் ஒரு தீர்வு. பொதுத் தீர்வு C₁ + C₂e^(−4x).

சந்தேகம் வந்தால் குறுக்குவழியை விட்டுவிட்டு e^(rx)-ஐ உண்மையாகவே பிரதியிட்டுப் பாருங்கள். இரண்டு வரிதான் ஆகும்.

b = 5: இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள்

r² + 5r + 4 = 0. காரணிப்படுத்தினால் (r + 1)(r + 4) = 0, மூலங்கள் −1, −4. ஆக e^(−x), e^(−4x) இரண்டும் தீர்வுகள். சமன்பாடு நேரியல் என்பதால், இவற்றை எந்த எண்களால் பெருக்கிக் கூட்டினாலும் அதுவும் தீர்வாகவே இருக்கும்:

```
y = C₁ e^(−x) + C₂ e^(−4x)
```

"சரி, வேறு தீர்வுகளே இல்லை என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பது நியாயமான கேள்வி. இந்த வகைச் சமன்பாட்டுக்கு y(0), y′(0) இரண்டையும் குறிப்பிட்டுவிட்டால் தீர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று ஒரு தேற்றம் உண்டு. ஆகையால் C₁, C₂ இரண்டையும் சரிசெய்து எந்தத் தொடக்க நிலையையும் எட்ட முடிகிறது என்றால், எந்தத் தீர்வையும் நாம் தவறவிடவில்லை என்று பொருள். எட்ட முடிகிறதா என்று பார்ப்போம்.

y(0) = 1 என்பதால் C₁ + C₂ = 1. அடுத்து y′ = −C₁e^(−x) − 4C₂e^(−4x), y′(0) = 0 என்பதால் −C₁ − 4C₂ = 0. இரண்டாவதிலிருந்து C₁ = −4C₂. முதலாவதில் வைத்தால் −3C₂ = 1, எனவே C₂ = −1/3, C₁ = 4/3.

```
y = (4/3) e^(−x) − (1/3) e^(−4x)
```

இந்த இரண்டு சமன்பாடுகளும் எப்போதும் தீர்க்கக்கூடியவையா? பொதுவாக அவை C₁ + C₂ = y(0), r₁C₁ + r₂C₂ = y′(0) என்று இருக்கும். r₁, r₂ இரண்டும் வெவ்வேறாக இருக்கும் வரை எந்தத் தொடக்க நிலைக்கும் விடை கிடைக்கும். இரண்டும் ஒன்றானால் இந்த வழி அடைபட்டுவிடும். அதை b = 4 வரும்போது பார்ப்போம்.

விடையைச் சரிபார்க்க ஒரு வேகமான வழி சொல்கிறேன். முழுவதையும் பிரதியிட வேண்டாம்; x = 0-வில் மட்டும் y″-ஐப் பாருங்கள். நம் வகைக்கெழுச் சமன்பாட்டின்படி y″(0) = −b·y′(0) − 4·y(0) = −b·0 − 4·1 = −4. நம் விடையிலிருந்து y″(0) = 4/3 − 16/3 = −12/3 = −4. பொருந்துகிறது. மூலங்களில் ஒன்றின் குறி தவறியிருந்தாலும், C-களில் பிழை இருந்தாலும் இந்த இடத்தில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். நம் தொடக்க நிலையில் y′(0) = 0 என்பதால் b எதுவாக இருந்தாலும் இந்த எண் −4 தான். மீதி இரண்டு விடைகளையும் இதே எண்ணால் சோதிக்கலாம்.

விடையை வாசிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். e^(−4x) சீக்கிரம் செத்துவிடும்; x = 2-லேயே அது 0.0003 அளவுக்கு வந்துவிடும். அதன் பிறகு பொருள் நகர்வதை முழுக்க முழுக்க e^(−x) தான் தீர்மானிக்கிறது. பூச்சியத்துக்கு அருகில் இருக்கிற மூலம்தான் மெதுவான மூலம், நீண்ட நேரத்தில் அதுதான் ஆட்சி செய்யும்.

b = 4: மூலம் ஒன்றுதான்

r² + 4r + 4 = (r + 2)². மூலம் −2, இரட்டை மூலம். கையில் இருப்பது e^(−2x) மட்டும். C₁e^(−2x) + C₂e^(−2x) என்று எழுதினால் அது இரண்டு மாறிலி அல்ல, (C₁ + C₂) என்ற ஒரே மாறிலி. அதை வைத்து y(0) = 1 ஆக்கினால் y′(0) தானாக −2 ஆகிவிடும். நமக்குத் தேவை 0. இரண்டாவது சார்பு ஒன்று வேண்டும்.

அந்த இரண்டாவது சார்பு x e^(−2x) என்று பாடநூல் சொல்லும். பலருக்கு இது வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். உண்மையில் அது எங்கிருந்து வருகிறது என்பதை எண்களை வைத்தே பார்க்கலாம். b-ஐச் சரியாக 4 என்று வைக்காமல் 4.01 என்று வையுங்கள். மூலங்கள் ஏறத்தாழ −1.863, −2.147. வெவ்வேறு மூலங்கள்தான், முந்தைய முறை வேலை செய்யும். அதே தொடக்க நிலையைப் போட்டால் C₁ ≈ 7.58, C₂ ≈ −6.58. b = 4.0001 என்று இன்னும் நெருக்கினால் மூலங்கள் −1.986, −2.014 அருகில் வரும். மாறிலிகளோ C₁ ≈ 71.2, C₂ ≈ −70.2 என்று வீங்கிவிடும்.

என்ன நடக்கிறது? மூலங்கள் நெருங்க நெருங்க, இரண்டு அடுக்குக்குறிச் சார்புகளும் கிட்டத்தட்ட ஒரே வளைகோடாகிவிடுகின்றன. தொடக்க நிலைக்குத் தேவையான தகவல் அவற்றுக்கு இடையேயான மிகச் சிறிய வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அந்தச் சிறிய வித்தியாசத்தைப் பெரிய எண்ணால் பெருக்கித்தான் விடை வருகிறது. மூலங்களுக்கு இடையேயான தூரத்தை h என்று வைத்தால், வேலை செய்கிற சார்பு இதுதான்:

```
( e^((r+h)x) − e^(rx) ) / h
```

இதுவும் இரண்டு தீர்வுகளின் கூட்டு என்பதால் தீர்வுதான். h-ஐப் பூச்சியத்துக்குக் கொண்டுபோங்கள். இது r-ஐப் பொறுத்த வகைக்கெழுவின் வரையறையே. e^(rx)-ஐ r-ஐப் பொறுத்து வகையிட்டால் x e^(rx). அந்த x வந்த வழி இதுதான்.

இதை நம் ஒரு வரியிலேயே செய்து காட்டலாம். e^(rx)-ஐ இடப்பக்கத்தில் வைத்தால் p(r)e^(rx) வருகிறது என்று முன்பு பார்த்தோம். இந்த வரியின் இரு பக்கத்தையும் r-ஐப் பொறுத்து வகையிட்டால், x e^(rx)-ஐ இடப்பக்கத்தில் வைத்தால் என்ன வரும் என்பது கிடைக்கும்:

```
( p′(r) + x p(r) ) e^(rx)
```

r இரட்டை மூலம் என்றால் p(r) = 0 மட்டுமல்ல, p′(r) = 0 என்பதும் உண்மை. நம் கணக்கில் p′(r) = 2r + 4, r = −2 வைத்தால் 0. ஆகவே முழுவதும் பூச்சியம், x e^(−2x) தீர்வு. ஒற்றை மூலமாக இருந்தால் p′(r) பூச்சியம் ஆகாது, அங்கே x e^(rx) தீர்வும் ஆகாது. "எதற்கும் இருக்கட்டும்" என்று எல்லாக் கணக்கிலும் x-ஐச் சேர்த்து எழுதுகிற பழக்கம் தவறாவது இதனால்தான்.

இனிக் கணக்கை முடிப்போம். y = (C₁ + C₂x)e^(−2x). y(0) = C₁ = 1. வகையிடும்போது பெருக்கல் விதியை மறக்கக் கூடாது: y′ = (C₂ − 2C₁ − 2C₂x)e^(−2x). y′(0) = C₂ − 2C₁ = 0, எனவே C₂ = 2.

```
y = (1 + 2x) e^(−2x)
```

சோதனை: இதை வகையிட்டால் y′ = −4x e^(−2x). இன்னொரு முறை வகையிட்டு x = 0 வைத்தால் y″(0) = −4. சரி.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, y′(0) கணக்கிடும்போது C₂x e^(−2x)-ஐ வகையிட்டு −2C₂x e^(−2x) மட்டும் எழுதி, C₂e^(−2x) என்ற பகுதியை விட்டுவிடுவது. அப்படிச் செய்தால் x = 0-வில் C₂ காணாமல் போய், −2 = 0 என்று அபத்தமான வரி வரும். அப்படி ஒரு வரி வந்தால் உடனே பெருக்கல் விதியைச் சந்தேகப்படுங்கள்.

b = 2: கலப்பு மூலங்கள்

r² + 2r + 4 = 0. சூத்திரத்தின்படி r = (−2 ± √(4 − 16))/2 = (−2 ± √−12)/2. √−12 = 2√3 i. எனவே r = −1 ± √3 i. கீழே உள்ள 2 மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி இரண்டையும் வகுக்க வேண்டும். −1 ± 2√3 i என்று பாதி வகுத்து எழுதுவது அவசரத்தில் நிறையப் பேருக்கு நேர்வது. சரிபார்க்க எளிய வழி: இரண்டு மூலங்களின் பெருக்கம் கடைசி உறுப்புக்குச் சமமாக வேண்டும். (−1)² + (√3)² = 4. பொருந்துகிறது.

e^((−1+√3 i)x) என்பதை என்ன செய்வது? மறுபடியும் ஆய்லர்தான் கைகொடுக்கிறார். e^(iθ) = cos θ + i sin θ என்பதால்:

```
e^((−1+√3 i)x) = e^(−x) cos √3x + i e^(−x) sin √3x
```

இது ஒரு கலப்புச் சார்பு, ஆனால் சமன்பாட்டை நிறைவு செய்கிறது. இதை u + iv என்று எழுதுங்கள். இடப்பக்கத்தில் வைத்தால் (u வைத்தால் வருவது) + i (v வைத்தால் வருவது) = 0. கெழுக்கள் 1, 2, 4 எல்லாம் மெய்யெண்கள் என்பதால் இரண்டு அடைப்புக்குறிகளுக்குள்ளும் இருப்பவை மெய்யானவை. ஒரு கலப்பெண் பூச்சியம் என்றால் அதன் மெய்ப்பகுதி, கற்பனைப் பகுதி இரண்டும் பூச்சியம். எனவே u தனியாக ஒரு தீர்வு, v தனியாக இன்னொரு தீர்வு.

இரண்டு மூலங்கள் இருக்கின்றனவே, ஒவ்வொன்றும் இரண்டு சார்புகள் கொடுத்தால் மொத்தம் நான்கு வருமே என்று தோன்றலாம். −1 − √3 i என்ற இணை மூலத்திலிருந்து u − iv வரும். அதிலும் இருப்பவை அதே u, அதே v தான். ஆகையால் ஒரு மூலத்தை எடுத்துக்கொண்டால் போதும், மற்றதைத் தொட வேண்டியதே இல்லை.

```
y = e^(−x) ( A cos √3x + B sin √3x )
```

y(0) = A = 1. y′(0) = −A + √3 B = 0, எனவே B = 1/√3.

```
y = e^(−x) ( cos √3x + (1/√3) sin √3x )
```

இதை வகையிட்டுச் சுருக்கினால் y′ = −(4/√3) e^(−x) sin √3x என்று அழகாகச் சுருங்கும். இன்னொரு முறை வகையிட்டு x = 0 வைத்தால் மறுபடியும் −4.

மூலத்தைப் பார்த்தே அசைவைச் சொல்லிவிடலாம். மெய்ப்பகுதி −1, அதனால் வீச்சு e^(−x) வேகத்தில் குறைகிறது. கற்பனைப் பகுதி √3, அதனால் அலைவுக் காலம் 2π/√3, அதாவது ஏறத்தாழ 3.63 நொடி. பொருள் முதன்முதலாக ஓய்வுநிலையைக் கடப்பது √3x = 2π/3 ஆகும்போது, அதாவது 1.21 நொடியில். எதிர்ப்பக்கம் அதிகபட்சம் போவது √3x = π ஆகும்போது, 1.81 நொடியில், 0.163 மீட்டர்.

எண்களை வைத்துச் சரிபார்க்கும்போது கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். x = 1-ல் சரியான மதிப்பு 0.151. பாகையில் இருந்தால் 0.374 வரும். அது பார்ப்பதற்கு நம்பும்படியான எண்ணாக இருப்பதுதான் ஆபத்து.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

```
x      b = 5    b = 4    b = 2
0      1        1         1
1      0.484    0.406     0.151
2      0.180    0.092    −0.153
3      0.066    0.017    −0.002
```

b = 2-ல் பொருள் வேகமாகத் திரும்புகிறது, ஆனால் மறுபக்கம் தாண்டிப் போகிறது. b = 5-ல் தாண்டவில்லை, ஆனால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. b = 4-ல் தாண்டவும் இல்லை, அதிக நேரம் எடுக்கவும் இல்லை. தானாக மூடிக்கொள்ளும் கதவு படாரென்று அடிக்கவும் கூடாது, பாதியில் ஊர்ந்துகொண்டிருக்கவும் கூடாது என்றால், தேடுவது இந்த இரட்டை மூலத்தின் பக்கம்தான். தடையை இன்னும் கூட்டினால் சீக்கிரம் அடங்கும் என்று நினைத்தால் நேர்மாறாக நடக்கும். b = 10 வைத்தால் மூலங்கள் −5 ± √21, அதாவது ஏறத்தாழ −0.42, −9.58. மெதுவான மூலம் −1-லிருந்து −0.42-க்கு வந்துவிட்டது, பொருள் இன்னும் நிதானமாகத்தான் திரும்பும்.

மூன்றாம் வரிசை, அதற்கு மேல்

முறை மாறாது, பல்லுறுப்புக்கோவையின் படி மட்டும் கூடும். y‴ − 3y″ + 4y = 0 என்பதை எடுத்துக்கொண்டால் r³ − 3r² + 4 = 0. y′ இல்லாததால் r உறுப்பு இல்லை. r = −1 வைத்தால் −1 − 3 + 4 = 0. (r + 1)-ஆல் வகுத்தால் மிஞ்சுவது r² − 4r + 4, அதாவது (r − 2)². பொதுத் தீர்வு C₁e^(−x) + (C₂ + C₃x)e^(2x). வரிசை மூன்று என்றால் மாறிலிகள் மூன்று வர வேண்டும். எண்ணிப் பாருங்கள், குறைந்தால் எங்கோ ஓர் இரட்டை மூலத்தை விட்டிருப்பீர்கள். மூலம் மூன்று முறை வந்தால் x²e^(rx)-ம் சேரும். உண்மையில் கடினமாவது மூலங்களைக் கண்டுபிடிப்பதுதான். நான்காம் படிக்கு மேல் பொதுச் சூத்திரமே கிடையாது, எண்முறையில்தான் தேட வேண்டும்.

எங்கே இது வேலை செய்யாது

y″ + x y = 0 என்ற சமன்பாட்டில் e^(rx) போட்டுப் பாருங்கள். r² + x = 0 என்று வரும். r ஒரு எண்ணாக இருக்க வேண்டும், ஆனால் இங்கே x மாற மாற r-ம் மாறச் சொல்கிறது. சிறப்பியல்புச் சமன்பாட்டில் x மிஞ்சி நிற்கிறது என்றால், கெழு மாறிலி இல்லை, முறை பொருந்தாது என்பதற்கு அதுவே அடையாளம். r = √(−x) என்று எழுதி அதை அடுக்கில் திணிப்பது பெரிய பிழை, ஏனென்றால் e^(rx)-ஐ வகையிட்டபோது r-ஐ மாறிலி என்று வைத்துத்தான் வகையிட்டோம். y″ + y² = 0 போன்ற நேரியல் அல்லாதவற்றிலும் இதே கதை. அங்கே e^(rx), e^(2rx) என்று இரண்டு வேறு அடுக்குகள் வந்து நிற்கும், பொதுவான காரணியை வெளியே எடுத்து, மிச்சமுள்ள எண்களைப் பூச்சியம் ஆக்க முடியாது.

வலப்பக்கம் பூச்சியம் இல்லை என்றால்

y″ + 5y′ + 4y = e^(2x) என்று இருந்தால், முதலில் வலப்பக்கம் பூச்சியம் என்று நினைத்து C₁e^(−x) + C₂e^(−4x) எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் e^(2x)-ஐ உண்டாக்குகிற ஏதாவது ஒரு தீர்வைத் தேட வேண்டும். A e^(2x) போட்டால் நம் ஒரு வரி உடனே சொல்லிவிடும்: வருவது A p(2) e^(2x). p(2) = 4 + 10 + 4 = 18, எனவே A = 1/18. அதைக் கூட்டினால் பொதுத் தீர்வு. தொடக்க நிலைகளை இதற்குப் பிறகுதான் போட வேண்டும். முன்பே C-களைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் இந்த உறுப்பைச் சேர்த்தால், y(0) 1/18 அளவுக்குத் தப்பும்.

வலப்பக்கம் e^(−x) ஆக இருந்தால் சிக்கல். A e^(−x) போட்டால் p(−1) = 0, இடப்பக்கம் பூச்சியம்தான் வரும், A எவ்வளவு பெரிதாக இருந்தாலும் e^(−x) கிடைக்காது. கணக்குப் போடும்போது 0 = 1 என்ற வரி வந்து நின்றால், வலப்பக்க அடுக்கு ஏற்கெனவே ஒரு மூலமாக இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இரட்டை மூலத்துக்காக எழுதிய வரியை இங்கே எடுங்கள். A x e^(−x) போட்டால் வருவது A (p′(−1) + x p(−1)) e^(−x). p(−1) = 0 என்பதால் x உள்ள பகுதி போய்விடும். p′(r) = 2r + 5, p′(−1) = 3. எனவே 3A = 1, A = 1/3.

```
y = C₁ e^(−x) + C₂ e^(−4x) + (x/3) e^(−x)
```